ஆயிரத்து இருநூறு வீடுகள், எத்தனை ஊர்கள்?

ஒரு மாவட்டத்தில் எத்தனை வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இணைப்பு கொடுத்த கணக்கு அலுவலகத்தில் இருக்கும். ஆனால் குழாய் இருப்பது வேறு, அதில் தண்ணீர் வருவது வேறு; குடம் தூக்குகிறவர்களுக்கு இது தெரியும். ஆகவே வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் வழி. எல்லா வீட்டுக்கும் போகப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. 1,200 வீடுகளில் கேட்கலாம் என்று முடிவாகிறது. எந்த 1,200?

கணக்குக்காக ஒரு கற்பனை மாவட்டத்தை வைத்துக்கொள்வோம். மொத்தம் 4 லட்சம் வீடுகள். அவற்றில் 2,40,000 வீடுகள் 600 கிராமங்களில் இருக்கின்றன, மீதி 1,60,000 நகரங்களில். கிராமத்து வீடுகளில் 40 சதவீதத்துக்கும் நகரத்து வீடுகளில் 80 சதவீதத்துக்கும் தண்ணீர் வருகிறது. மாவட்டம் முழுவதற்கும் கணக்கிட்டால் 56 சதவீதம். இந்த உண்மை நமக்குத் தெரியும். கணக்கெடுக்கப் போகிறவருக்குத் தெரியாது. அவர் எந்த வழியில் போனால் இந்த 56-க்கு எவ்வளவு பக்கத்தில் வருவார் என்பதைப் பார்ப்போம்.

பாடப் புத்தகத்தில் முதலில் வருவது எளிய சமவாய்ப்பு முறை. நான்கு லட்சம் வீடுகளுக்கும் வரிசை எண் போட்டு, கணினியிடம் சொல்லி 1,200 எண்களைக் குருட்டுவாக்கில் எடுப்பது. எந்த வீட்டுக்கும் மற்றதைவிடக் கூடுதல் வாய்ப்பு கிடையாது. இப்படி எடுத்தால் கிடைக்கும் விடை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை, உண்மையிலிருந்து மேலே கீழே 2.8 சதவீதப் புள்ளிக்குள் இருக்கும். அதாவது 53-க்கும் 59-க்கும் இடையில் ஒரு விடை வரும். இதில் பலருக்கு நம்பிக்கை வராத ஒரு விஷயம் உண்டு. மாவட்டத்தில் நான்கு லட்சம் வீடுகளுக்குப் பதில் நாற்பது லட்சம் வீடுகள் இருந்தாலும் இந்த 2.8 மாறாது. துல்லியத்தைத் தீர்மானிப்பது எத்தனை வீட்டில் கேட்டோம் என்பது. மொத்தத்தில் எத்தனை பங்கைக் கேட்டோம் என்பது அல்ல.

காகிதத்தில் இதைவிட நேர்மையான முறை இல்லை. களத்தில் இது முதல் அடியிலேயே நின்றுவிடும், ஏனென்றால் நான்கு லட்சம் வீடுகளின் பட்டியல் யாரிடமும் இல்லை. வாக்காளர் பட்டியலில் வாக்காளர்கள் இருக்கிறார்கள். பிழைப்புக்கு வந்து வாடகைக்குத் தங்கியிருப்பவரின் பெயர் இன்னும் சொந்த ஊரிலேயே இருக்கும். ரேஷன் அட்டைப் பட்டியலை எடுத்தால் ஒரே கூரையின் கீழ் இரண்டு அட்டைகள் வரும், அட்டையே இல்லாத குடும்பம் விட்டுப்போகும். மின் இணைப்புப் பட்டியலில் வீட்டோடு பம்ப்செட்டும் கடையும் கலந்திருக்கும். ஒவ்வொரு பட்டியலிலும் யாரோ சிலர் இல்லை. அப்படி இல்லாமல் போகிறவர்கள்தான் பெரும்பாலும் குழாயும் இல்லாதவர்கள்.

பட்டியல் எப்படியோ கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 1,200 வீடுகளில் ஏறத்தாழ 720 கிராமங்களில் விழும். 600 கிராமங்களும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால், 180 கிராமங்களில் ஒரு வீடுகூட வராது. மற்ற 420 கிராமங்களுக்கு ஒவ்வொன்றிலும் ஓரிரு வீட்டுக்காகப் போக வேண்டும். காலையில் பஸ் பிடித்து, இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்து, ஒரே ஒரு கதவைத் தட்டினால் வீடு பூட்டிக் கிடக்கும். நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். மறுநாள் மறுபடியும் அதே ஒரு கதவுக்காக அதே பஸ். எந்த அமைப்பும் ஒரு மாவட்டத்தின் வீடுகளை இப்படிக் கணக்கெடுப்பதில்லை. ஆனால் மற்ற முறைகளின் நிறை குறைகளை அளக்க அளவுகோல் வேண்டுமே. அந்த வேலைக்கு இந்த முறை பயன்படும்.

அடுத்தது அடுக்கு முறை. மாவட்டத்தை முதலிலேயே இரண்டு அடுக்காகப் பிரித்துவிடுகிறோம்: கிராமம், நகரம். 1,200 வீடுகளையும் மக்கள்தொகை விகிதத்தில் பங்கிட்டு, கிராமங்களில் சரியாக 720, நகரங்களில் சரியாக 480 என்று அந்தந்த அடுக்குக்குள் குருட்டுவாக்கில் எடுக்கிறோம். எளிய முறையில் கிராமத்து வீடுகள் 690 வரலாம், 750-உம் வரலாம். அந்தத் தற்செயல் இங்கே இல்லை.

இதனால் துல்லியம் எவ்வளவு கூடும்? நம் மாவட்டத்தில் 2.8 என்ற பிழை எல்லை 2.6 ஆகிறது. அவ்வளவுதான். கிராமம் 40, நகரம் 80 என்று இரண்டுக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தும் லாபம் இத்துணூண்டுதான். ஆம், இல்லை என்று விடை வரும் கேள்விகளில் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் ஆம் வீடுகளும் இல்லை வீடுகளும் கலந்தே கிடக்கின்றன. அடுக்காகப் பிரித்தாலே விடை மிகவும் துல்லியமாகிவிடும் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் எதற்காகப் பிரிக்கிறோம்? முதல் காரணம், கிராமத்துக்குத் தனி விடையும் நகரத்துக்குத் தனி விடையும் வேண்டும் என்பது. இரண்டையும் ஒரே துல்லியத்தோடு ஒப்பிட வேண்டுமானால் 600, 600 என்று சரிசமமாகவே பிரிக்கலாம். மாவட்டம் முழுவதற்குமான பிழை எல்லை அப்போது 2.7 ஆகும், இழப்பு பெரிதில்லை. ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இந்த 1,200 படிவங்களையும் ஒரே கட்டாகப் போட்டுச் சதவீதம் பார்த்தால் 60 என்று வரும். உண்மை 56. நகரத்து வீடுகளை அவற்றின் பங்குக்கு மேல் எடுத்திருக்கிறோம் அல்லவா? கிராமத்தின் விடையை 0.6-ஆலும் நகரத்தின் விடையை 0.4-ஆலும் பெருக்கிக் கூட்டினால்தான் 56 கிடைக்கும். ஒவ்வொரு படிவத்துக்கும் எடை உண்டு என்பதை மறந்து எண்ணுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. இந்த நான்கு புள்ளித் தவறை எந்தப் பிழை எல்லையும் காட்டிக்கொடுக்காது. மாதிரியை ஐயாயிரமாகப் பெருக்கினாலும் 60 இன்னும் உறுதியான 60 ஆகுமே தவிர 56 ஆகாது.

இரண்டாவது காரணம் பணம் சம்பந்தப்பட்ட கேள்விகளில் தெரியும். வீட்டு நுகர்வுச் செலவு என்றால் சில வீடுகளின் செலவு மற்றவற்றைப் போலப் பத்து மடங்கு இருக்கும். அவை மாதிரியில் வந்தால் சராசரி தூக்கியடிக்கும், வராவிட்டால் படுத்துவிடும். அதனால்தான் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2022-23-இல் நடத்திய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு இடத்திலும் வீடுகளை மறுபடி அடுக்கினார்கள். கிராமத்தில் கைவசம் உள்ள நிலத்தை வைத்து, நகரத்தில் கார் இருக்கிறதா என்பதை வைத்து. வசதியான வீடுகளுக்கு ஒதுக்கீடு உண்டு, அந்த ஒதுக்கீட்டுக்கு ஏற்ற எடையும் உண்டு. இப்படிப்பட்ட கேள்வியில் அடுக்கு முறை தன் கூலிக்கு மேலேயே வேலை செய்யும்.

ஆனால் அடுக்கினாலும் பஸ் பிரச்சினை தீரவில்லை. 720 கிராமத்து வீடுகளும் இன்னும் சிதறியேதான் கிடக்கின்றன, பட்டியலும் இன்னும் இல்லை. இந்த இரண்டையும் தீர்ப்பது கொத்து முறை ஒன்றுதான்.

கொத்து முறையில் முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்கிறோம், அதன் பிறகே வீட்டை. கிராமங்களில் ஊர்ப் பட்டியல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏற்கெனவே இருக்கிறது. நகரங்களில் ஒரு முழு நகரத்தைக் கொத்தாக எடுக்க முடியாது. அதனால் நகரம் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மாதிரி ஆய்வு அமைப்பு தனியாகவே நகர வட்டார வரைபடங்களை வைத்திருக்கிறது. ஒரு வட்டாரம் என்பது சுமார் 120 முதல் 160 வீடுகள், எல்லையாக ஒரு தெரு, ஒரு வாய்க்கால், ஒரு தண்டவாளம். 36 கிராமங்கள், 24 நகர வட்டாரங்கள், ஆக 60 இடங்கள். ஒவ்வொன்றிலும் 20 வீடுகள். அதே 1,200. இப்போது தேவைப்படுவது நான்கு லட்சம் வீடுகளின் பட்டியல் அல்ல; தேர்ந்தெடுத்த அறுபது இடங்களின் வீட்டுப் பட்டியல் மட்டும். அதை ஆள் போய் ஒரே நாளில் தெருத் தெருவாக எழுதிவிடலாம்.

ஊரை எடுக்கும் விதத்தில்தான் சூட்சுமம். 600 கிராமங்களையும் சீட்டுப் போட்டு எடுத்தால் 200 வீட்டுக் கிராமத்துக்கும் 800 வீட்டுக் கிராமத்துக்கும் ஒரே வாய்ப்பு. பிறகு இரண்டிலும் 20 வீடுகள் எடுத்தால், சிறிய ஊரின் வீட்டுக்கு நான்கு மடங்கு வாய்ப்புக் கிடைத்துவிடும். இதைச் சரிசெய்ய ஊரின் அளவுக்கு ஏற்ற வாய்ப்பைக் கொடுக்கிறார்கள். கிராமங்களை வரிசையாக எழுதி, வீட்டு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் ஊரில் 420 வீடுகள் என்றால் அது 1 முதல் 420 வரை. இரண்டாவதில் 800 என்றால் 421 முதல் 1,220 வரை. கடைசியில் 2,40,000-இல் வந்து நிற்கும். 36 ஊர்கள் வேண்டும் என்பதால் இதை 36-ஆல் வகுத்தால் சுமார் 6,667. ஒன்றிலிருந்து 6,667 வரைக்குள் ஒரு எண்ணைக் குருட்டுவாக்கில் எடுக்கிறோம். 1,150 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டாவது ஊருக்குள் விழுகிறது, அந்த ஊர் தேர்வாகிவிட்டது. அடுத்தது 1,150-உடன் 6,667 கூட்டி 7,817 எந்த ஊரில் விழுகிறதோ அது. இப்படியே கடைசிவரை.

800 வீட்டு ஊர் தேர்வாக வாய்ப்பு நூற்றுக்கு 12. அதில் ஒரு வீடு தேர்வாக 800-க்கு 20, அதாவது நூற்றுக்கு இரண்டரை. இரண்டையும் பெருக்கினால் ஆயிரத்துக்கு 3. 200 வீட்டு ஊருக்கு வாய்ப்பு நூற்றுக்கு 3-தான், ஆனால் உள்ளே 200-க்கு 20, நூற்றுக்குப் பத்து. பெருக்கினால் அதே ஆயிரத்துக்கு 3. பெரிய ஊர், சிறிய ஊர் என்ற பேதம் இல்லாமல் எல்லா வீட்டுக்கும் ஒரே வாய்ப்பு வந்துவிட்டது. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் ஹான்சனும் ஹர்விட்ஸும் 1943-இல் இந்த முறைக்கான கணிதத்தை எழுதினார்கள். இன்று உலகம் முழுவதும் குடும்பக் கணக்கெடுப்புகள் ஓடுவது இதன் மேல்தான்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, 2019-21-இல் நடந்தது, இதற்கு நல்ல உதாரணம். 707 மாவட்டங்கள், 6,36,699 குடும்பங்கள். அத்தனையும் முப்பதாயிரத்துச் சொச்சம் இடங்களிலிருந்து, இடத்துக்கு 22 குடும்பங்கள் என்ற திட்டத்தில் எடுக்கப்பட்டவை. ஒவ்வொரு மாவட்டத்திலும் கிராமமும் நகரமும் தனி அடுக்கு. கிராமங்களை அளவை வைத்தும் பட்டியல் சாதி, பழங்குடியினரின் விகிதத்தை வைத்தும் மேலும் பிரித்து, பெண்களின் எழுத்தறிவு வரிசையில் அடுக்கி, அதன் பிறகுதான் மேலே சொன்ன கூட்டல் வரிசையில் தாவித் தாவி எடுத்தார்கள். எழுத்தறிவு குறைந்த ஊரிலிருந்து கூடிய ஊர் வரை தாவல் எல்லாப் படியிலும் மிதித்துவிடும். கடைசியில் ஊருக்குள் வீட்டைத் தேர்ந்தெடுப்பது சம இடைவெளியில். ஆக, மூன்று முறைகளும் போட்டியாளர்கள் அல்ல. ஒரே கணக்கெடுப்பின் வெவ்வேறு படிகளில் மூன்றின் குணமும் இருக்கிறது.

இவ்வளவு வசதிக்கும் கொத்து முறை ஒரு விலை கேட்கும். அந்த விலையை அறிக்கைகள் பெரும்பாலும் பின்னிணைப்பில் ஒளித்துவைக்கும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே பானைக்குள் அது சரி. அதே காரணத்தால் அந்தப் பானையில் இருபது சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பது வீண்வேலை. நம் மாவட்டத்தில் 600 பானைகள் இருக்கின்றன. தண்ணீர் விஷயத்தில் ஒரு கிராமம் ஏறக்குறைய அப்படித்தான். மேல்நிலைத் தொட்டி கட்டி மோட்டார் ஓடினால் ஊரில் பெரும்பாலான வீட்டுக்கும் தண்ணீர் வரும். மோட்டார் எரிந்துபோனால் யாருக்கும் வராது. முதல் இரண்டு வீடுகளில் கேட்டதுமே மீதிப் பதினெட்டின் விடையைப் பாதிக்கு மேல் ஊகித்துவிடலாம்.

ஒரே ஊர் வீடுகள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகச் சொல்ல முடியும். 0 என்றால் ஊருக்குள் எல்லா வகையும் கலந்திருக்கிறது. 1 என்றால் ஒரு வீட்டைப் பார்த்தால் ஊரைப் பார்த்த மாதிரி. இடத்துக்கு எத்தனை வீடுகளோ அதில் ஒன்றைக் கழித்து, இந்த ஒற்றுமை எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், மாதிரி எத்தனை மடங்கு மலிவாகிவிட்டது என்பது தெரியும். தண்ணீருக்கு ஒற்றுமை 0.2 என்று வைப்போம். 19-ஐ 0.2-ஆல் பெருக்கி ஒன்று கூட்டினால் 4.8. நம்முடைய 1,200 வீடுகளை 4.8-ஆல் வகுத்தால் 250. அறுபது ஊரில் 1,200 கதவைத் தட்டியிருக்கிறோம். கிடைத்த தகவலோ சிதறிக் கிடக்கும் 250 வீடுகளில் கேட்டதற்குச் சமம். பிழை எல்லை 2.8 அல்ல, கிட்டத்தட்ட 6.

அதே படிவத்தில் இன்னொரு கேள்வி: வீட்டில் அறுபது வயதைக் கடந்தவர் இருக்கிறாரா? முதியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, ஒரு தெருவில் குவிந்து கிடப்பதில்லை. ஒற்றுமை 0.02 என்று வைத்தால் மடங்கு 1.38-தான்; 1,200 வீடுகள் 870-க்குச் சமம். ஒரே மாதிரி, ஒரே நாள், ஒரே படிவம்; ஒரு கேள்விக்கு 250 வீடு, இன்னொன்றுக்கு 870 வீடு. ஒரு கணக்கெடுப்பின் துல்லியம் என்று பொதுவாக ஓர் எண்ணைச் சொல்லவே முடியாது. தண்ணீர், சாலை, மின்சாரம், கழிப்பறைத் திட்டம், சாதி, மதம், பயிர் என்று இடத்தோடு ஒட்டிக்கொண்ட எதைக் கேட்டாலும் கொத்து முறை பலவீனமாக இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைகளின் தடுப்பூசியைக் கணக்கெடுக்க 30 இடம், இடத்துக்கு 7 குழந்தைகள் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியது. பத்துப் புள்ளிக்குள் விடை வேண்டுமென்றால் எளிய முறையில் 96 குழந்தைகள் போதும். கொத்துக்காக இரட்டித்து 192. முப்பது இடத்துக்கு முழு எண்ணாகப் பங்கிட 210. மடங்கு 2 என்று முன்கூட்டியே ஊகித்து வைத்த கணக்கு அது.

சரி, ஊருக்கு 20 வீடுகள் கூடுதலா, குறைவா? இதற்குப் பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஓர் இடத்துக்குப் போய் வரைபடம் போட்டு, வீட்டுப் பட்டியல் எழுத 6,000 ரூபாய். ஒரு வீட்டில் கேள்வி கேட்க 300 ரூபாய் என்று கொள்வோம். 60 இடமும் 1,200 வீடும் சேர்ந்து 7,20,000 ரூபாய். அதே பணத்தில் இடத்துக்கு 9 வீடுகள் மட்டும் எடுத்தால் 82 இடங்களுக்குப் போகலாம், மொத்தம் 738 வீடுகள். தண்ணீர்க் கேள்விக்கு இதன் மடங்கு 2.6, 738 வீடுகள் 284-க்குச் சமம். முன்பு 250. நானூற்று அறுபது வீடுகளைக் குறைத்தும் விடை மேம்பட்டிருக்கிறது! ஆனால் முதியவர் கேள்விக்கு 870 இருந்தது 636 ஆகிவிடுகிறது. ஒரே படிவத்தில் நூறு கேள்விகள் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது ஒதுங்க வேண்டும். இடத்துக்கு 18, 20, 22 என்று பெரிய கணக்கெடுப்புகள் வந்து நிற்பது இதனால்தான். மகலனோபிஸ் 1930-களின் இறுதியில் வங்காளத்துச் சணல் வயல்களை மாதிரி எடுத்து அளந்தபோது இதே மாதிரிச் செலவையும் பிழையையும் ஒரே தராசில் வைத்துக் கணக்குப் போட்டார். 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியபோது அந்த அனுபவம்தான் முதலீடு.

இதுவரை சொன்ன பிழையெல்லாம் சூத்திரத்துக்குள் அடங்கும். அடங்காதவை ஊருக்குள் நுழைந்த பிறகு ஆரம்பிக்கும்.

தடுப்பூசிக் கணக்கெடுப்பின் பழைய நடைமுறையில், ஊர் நடுவில் நின்று ஒரு பாட்டிலையோ பேனாவையோ சுழற்றிவிட்டு, அது காட்டும் திசையில் ஒரு வீட்டிலிருந்து தொடங்கி, அடுத்தடுத்துப் பக்கத்து வீடாகப் போவார்கள். வீட்டுப் பட்டியல் எழுதும் வேலை மிச்சம். ஆனால் ஊர் நடு என்பது எது? தமிழ்நாட்டுக் கிராமத்தில் அது பெரும்பாலும் கோயிலடி, அல்லது பஸ் நிற்கும் இடம். காலனி வயலுக்கு அந்தப் பக்கம் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பேனா எந்தத் திசையைக் காட்டினாலும் பக்கத்து வீடு, பக்கத்து வீடு என்று போகிறவர் அந்த வயலைத் தாண்டவே மாட்டார். மாவட்டம் முழுக்க இப்படி நடந்தால் அறுபது இடத்திலும் ஒரே பக்கமாகத் தவறு நடக்கும். அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமனாகாது. பட்டியல் எழுதுகிறவர் குக்கிராமம், காலனி, தோட்டத்து வீடு எல்லாவற்றையும் எழுதினாரா என்று மேற்பார்வையாளர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வரைபடத்தில் ஓர் ஊர் முழுவதும் ஒரே கொத்தாக இருந்தால் சந்தேகப்படலாம்.

அடுத்தது பூட்டிய வீடு. "இந்த வீடு பூட்டியிருக்கு அண்ணே, எதிர்வீட்டுல கேட்டுக்கட்டுமா?" என்று களப்பணியாளர் கேட்கும் கேள்வி சாதாரணமாகத்தான் தோன்றும். பகலில் பூட்டியிருப்பது வேலைக்குப் போகிறவர்களின் வீடு. எப்போதும் ஆள் இருப்பது வயதானவர்களோ கைக்குழந்தையோ உள்ள வீடு. மாற்று வீடு எடுக்க அனுமதித்தால் மாதிரி மெல்ல மெல்ல வீட்டிலிருப்பவர்களின் மாதிரியாகிவிடும். அதனால் நல்ல கணக்கெடுப்புகளில் மாலையிலோ மறுநாளோ திரும்பப் போவார்கள்; அப்படியும் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே எழுதுவார்கள்.

நகரத்தில் வேறொரு தொல்லை. குடும்பநலக் கணக்கெடுப்பு ஊரையும் வட்டாரத்தையும் எடுத்தது 2011 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2011-இல் முள்காடாக இருந்த புறநகரில் இன்று அடுக்குமாடி நிற்கும். பழைய எண்ணிக்கைப்படி 20 வீடு என்று இருந்த வட்டாரத்துக்குத் தேர்வு வாய்ப்பு மிகக் குறைவு. தப்பித் தவறித் தேர்வானால் அங்கே 500 வீடுகள் இருக்கும். 500-இல் 20-ஐ மட்டும் எடுத்துவிட்டு எடையைத் திருத்தாமல் விட்டால் அந்தப் பகுதி காணாமல் போகும். திருத்தினாலோ, ஒவ்வொரு படிவமும் மற்றவற்றைப் போல 25 மடங்கு கனக்கும். அந்த இருபது வீடுகளே மாவட்ட விடையை ஆட்டிவைக்கும். பட்டியல் எழுதிய எண்ணிக்கையையும் பழைய எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். நகர வட்டாரங்களை அவ்வப்போது புதுப்பிப்பது இதற்காகத்தான்.

ஆட்கள் செய்யும் பிழையைக் கண்டுபிடிக்க மகலனோபிஸ் ஒரு வழி வைத்திருந்தார். மாதிரியை இரண்டு பாதியாக, ஒவ்வொரு பாதியும் தனியே மாவட்டம் முழுவதையும் பிரதிபலிக்கும்படி எடுத்து, இரண்டு வெவ்வேறு குழுக்களிடம் கொடுப்பது. ஒரு குழுவுக்கு 57 வந்து மற்றதற்கு 54 வந்தால் அது தற்செயல். ஒன்றுக்கு 68, மற்றதற்கு 47 என்றால் யாரோ தண்ணீர் வருகிறதா என்று கேட்பதற்குப் பதில் குழாய் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். எந்தச் சூத்திரமும் தேவையில்லை. இரண்டு எண்களைப் பார்த்தால் போதும்.

கடைசியாக ஒன்று, மாவட்ட அலுவலகங்களிலிருந்து அடிக்கடி வரும் கோரிக்கை: 1,200 வீடுகளில் எடுத்துவிட்டீர்களே, ஒன்றியவாரியாகச் சதவீதம் பிரித்துக் கொடுங்கள். கணினி உடனே பிரித்துக் கொடுக்கும், தசமப் புள்ளியோடு. நம் மாவட்டத்தில் 12 ஒன்றியங்கள் என்றால் ஓர் ஒன்றியத்துக்குக் கிடைத்திருப்பது 60 வீடுகள். அறுபது என்றால் ஏதோ இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அவை மூன்றே ஊர்களிலிருந்து வந்தவை. அந்த மூன்றில் ஒன்றில் அந்த வாரம் மோட்டார் பழுது என்றால் அந்த ஒன்றியமே வறண்ட ஒன்றியமாக அட்டவணையில் ஏறிவிடும். குடும்பநலக் கணக்கெடுப்பு மாவட்டத்தோடு நின்றுகொண்டு அதற்குக் கீழே எண் தராததற்குக் காரணம் இதுதான். ஒன்றியத்துக்கு விடை வேண்டுமானால் ஒன்றியத்தையே அடுக்காக வைத்து, ஒவ்வொன்றிலும் முப்பது ஊருக்காவது போகிற மாதிரி புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டும்.